சேர்க்கை நாளை விட்டு, முதல் மாத்திரையிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: மருந்து எதிர்வினை பற்றிய எங்கள் கேஸ் ரிப்போர்ட்டின் சுருக்கம் திரும்பி வந்துவிட்டது. "நிகழ்வு வரிசை குழப்பமாக இருக்கிறது, நோயாளி யாரென்று தெரிகிறது" என்று மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார். பெயரோ பதிவு எண்ணோ நாங்கள் போடவில்லை. எப்படித் திருத்துவது? சுருக்கம் இதுதான்:

"மார்ச் 12 அன்று எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 47 வயதுப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு உடலெங்கும் இரண்டு நாளாகச் சிவந்த தடிப்பு. ஈசினோபில் 2,800, ஏஎல்டி 412. நான்கு நாளாக அமாக்சிசிலின் எடுத்துவந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பே காய்ச்சல் இருந்தது. பிப்ரவரி 10 முதல் டிரைஜெமினல் நரம்பு வலிக்குக் கார்பமசபைன் எடுத்துவருவது பின்னர் தெரியவந்து நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் பிரெட்னிசோலோன் தொடங்கப்பட்டு, ஒரு வாரத்தில் காய்ச்சல் தணிந்தது. மகளின் திருமணத்துக்காக மார்ச் 28 அன்று வீடு திரும்பினார். ஆறு வாரத்தில் ஏஎல்டி இயல்பானது. கார்பமசபைனால் வந்த டிரெஸ் என முடிவு செய்தோம்."

பதில்: (தேதிகளையும் தொழிலையும் இங்கே மாற்றி வெளியிட்டிருக்கிறோம், இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. ஆலோசனைப் பகுதியில் இப்படிச் செய்யலாம், ஆய்விதழில் கூடாது. காரணம் கீழே.)

உங்கள் சுருக்கம், விஷயங்கள் மருத்துவருக்குத் தெரியவந்த வரிசையில் இருக்கிறது. முதலில் கண்ணில் பட்டது தடிப்பு, பிறகு ரத்தப் பரிசோதனை, பிறகு அமாக்சிசிலின், கடைசியில் கார்பமசபைன். கேஸ் ஷீட்டுக்கு அது சரி. வாசகருக்குத் தேவை நோயாளியின் உடலில் நடந்த வரிசை. மருந்து எதிர்வினையில் அந்த வரிசைதான் சான்று. டிரெஸ் பெரும்பாலும் மருந்தைத் தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் வெளிப்படும். அமாக்சிசிலின் தொடங்கிய இரண்டாம் நாளே தடிப்பு என்று படிப்பவருக்கு உங்கள் முடிவின் மேல் சந்தேகம் வருவது இயல்பே.

"அதற்கு இரண்டு நாள் முன்பே காய்ச்சல்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எதற்கு முன்பு? தடிப்புக்கு என்றால் காய்ச்சல் மார்ச் 8, அதாவது அமாக்சிசிலின் தொடங்கிய அதே நாள். அமாக்சிசிலினுக்கு என்றால் மார்ச் 6. இரண்டாவதுதான் உண்மை என்றால், காய்ச்சலுக்கு அமாக்சிசிலின் காரணமாக இருக்கவே முடியாது. முழு ரிப்போர்ட்டும் சாய்ந்து நிற்கும் செய்தி ஒரு "அதற்கு"வில் தொங்குகிறது. "மூன்றாம் நாள்" என்பதும் அப்படித்தான். சேர்ந்த நாளை ஒன்று என எண்ணினால் மார்ச் 14, பூஜ்யம் என எண்ணினால் 15. "ஒரு வாரத்தில்", "ஆறு வாரத்தில்" இரண்டுக்கும் எங்கிருந்து என்பது இல்லை. அமாக்சிசிலின் எப்போது நிறுத்தப்பட்டது என்பது சுருக்கத்திலேயே இல்லை. இவற்றை ஊகித்து நிரப்பாதீர்கள். மருந்து அட்டையையும் செவிலியர் குறிப்பையும் பார்த்துத் தேதியை எடுங்கள்.

பிறகு ஒரே ஒரு தொடக்கப் புள்ளியை வையுங்கள். இந்த நோயாளிக்கு அது கார்பமசபைனின் முதல் மாத்திரை: நாள் 0. விரிதாளில் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி வீதம் தேதிகளை A பத்தியில் போடுங்கள். A2-இல் பிப்ரவரி 10 இருந்தால், B3-இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=A3-$A$2
```

விடை தேதி போலத் தெரிந்தால் அந்தப் பத்தியின் வடிவத்தை Number என்று மாற்றுங்கள். ஆண்டையும் சேர்த்தே உள்ளிடுங்கள். நெட்டாண்டில் பிப்ரவரி 29 குறுக்கே வந்து, மனக்கணக்கில் ஒரு நாள் பிசகும்.

இந்த எண்ணும் முறை உங்கள் இரண்டாவது சிக்கலிலும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே உங்கள் மருத்துவமனையின் பெயர் எப்படியும் அச்சாகும். அதோடு மார்ச் 12, மார்ச் 28 என்ற இரண்டு தேதிகளும், தலைமை ஆசிரியை என்பதும், மகளின் திருமணமும் சேர்ந்தால், அந்தப் பள்ளியில் படிக்கும் மாணவன்கூட ஆளைச் சொல்லிவிடுவான். பெயர் இல்லாததால் பயனில்லை. அமெரிக்காவின் ஹிப்பா விதியில், நீக்க வேண்டிய 18 அடையாள வகைகளைப் பட்டியலிடும் முறையில், ஆண்டைத் தவிர நோயாளி தொடர்பான எல்லாத் தேதிக் கூறுகளும் நீக்கப்பட வேண்டியவை. நாள் எண் போட்டால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும், இடைவெளியும் கெடாது.

மற்ற விவரங்களுக்கு ஒரே கேள்வி போதும்: இதை எடுத்தால் நோயைப் பற்றிய வாதம் பலவீனமாகுமா? தொழில் இங்கே எதையும் விளக்கவில்லை, எடுங்கள். ரசாயனத்தோடு வேலை செய்பவராக இருந்திருந்தால் வைத்திருக்கலாம். திருமணம் போகட்டும். வயதை "நாற்பதுகளில்" என்றால் ஒன்றும் குறையாது. கைக்குழந்தை என்றால் வாரக் கணக்கே முக்கியம், அங்கே இப்படி மழுப்ப முடியாது. நரம்பு வலியை எடுக்கக் கூடாது, கார்பமசபைன் வந்ததற்கு அதுதான் காரணம்.

எடுப்பது வேறு, மாற்றுவது வேறு. ஆசிரியையை வங்கி ஊழியராக்குவது, பெண்ணை ஆணாக்குவது, ஈசினோபிலைச் சற்றே திருத்துவது எல்லாம் பொய்ப் பதிவு. நாளை யாராவது பல கேஸ்களைத் தொகுக்கும்போது அந்தப் பொய்யும் தரவாகப் போய்ச் சேரும்.

பதிவேட்டில் விடுபட்டவை கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொண்டால், சுருக்கம் இப்படி வரும்:

"நாற்பதுகளில் உள்ள ஒரு பெண் டிரைஜெமினல் நரம்பு வலிக்குக் கார்பமசபைன் தொடங்கினார் (நாள் 0). 24ஆம் நாள் காய்ச்சல் வந்தது. 26ஆம் நாள் அமாக்சிசிலின் தொடங்கப்பட்டது. 28ஆம் நாள் உடலெங்கும் சிவந்த தடிப்பு தோன்றியது. 30ஆம் நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது ஈசினோபில் மைக்ரோலிட்டருக்கு 2,800, ஏஎல்டி லிட்டருக்கு 412 யூனிட். அன்றே அமாக்சிசிலின் நிறுத்தப்பட்டது. கார்பமசபைன் எடுத்துவருவது 31ஆம் நாள் தெரியவந்து, அன்றே அதுவும் நிறுத்தப்பட்டது. 32ஆம் நாள் பிரெட்னிசோலோன் தொடங்கப்பட்டது. 38ஆம் நாள் காய்ச்சல் தணிந்தது. 46ஆம் நாள் வீடு திரும்பினார். 88ஆம் நாள் ஏஎல்டி இயல்பாக இருந்தது. காய்ச்சல் அமாக்சிசிலினுக்கு முன்பே தொடங்கியதாலும், இடைவெளி பொருந்துவதாலும், கார்பமசபைனால் வந்த டிரெஸ் எனக் கருதினோம்."

கார்பமசபைன் இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். தொடங்கிய நாள் ஒன்று, உங்களுக்குத் தெரியவந்த நாள் இன்னொன்று. சேர்ந்த பிறகும் ஒரு நாள் அந்த மருந்து ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. தெரியவந்ததும் ஒரு நிகழ்வுதான். அதை அதன் நாளில் வைத்தால் வரிசை குலையாது.

தேதிகள் உள்ள விரிதாளைக் கட்டுரையோடு அனுப்பாதீர்கள். வேர்டு கோப்பில் பழைய தேதிகள் திருத்தச் சுவடாக ஒளிந்திருக்கும். எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுவிட்டு File > Info > Check for Issues > Inspect Document ஓட்டுங்கள். தடிப்பின் படம் இருந்தால், வேர்டுக்குள் வெட்டிய பகுதி உள்ளேயே தங்கியிருக்கும். வெளியே வெட்டிச் சேமித்த படத்தையே செருகுங்கள். முகம் தெரிந்தால் கண்ணில் கறுப்புப் பட்டை போடுவது போதாது. ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇ அதைப் போதுமான பாதுகாப்பாக ஏற்பதில்லை.

இவ்வளவு செய்தாலும் அந்தப் பெண் படித்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்வார், அவர் வீட்டாரும்தான். எனவே எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். சேர்க்கையின்போது சிகிச்சைக்காகக் கையெழுத்திட்ட படிவம் இதற்குச் செல்லாது. திருத்திய வடிவத்தை அவரிடம் காட்டியே வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு, ஒப்புதல் பெறப்பட்டது என்ற வரியை மட்டும் கட்டுரையில் சேருங்கள். படிவத்தில் அவர் பெயர் இருக்கிறது, அதை இணைப்பாக ஏற்றிவிட வேண்டாம்.