மர வரைபடத்தில் ஏன் பெருக்குகிறோம்?

"பையில் 5 சிவப்பு, 3 நீலப் பந்துகள். திருப்பிப் போடாமல் இரண்டு எடுக்கிறேன். இரண்டும் சிவப்பாக வர 5/8 + 4/7 என்று கூட்டினால் 1-ஐத் தாண்டுகிறது. ஏன் பெருக்கணும்?"

பின்னத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, இதே ஆட்டத்தை 56 முறை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 35 முறை முதல் பந்து சிவப்பாக வரும், அதுதான் 5/8. இரண்டாம் கிளையின் 4/7 அந்த 35-க்கு மட்டுமே பொருந்தும், மொத்த 56-க்கு அல்ல. பையில் இப்போது 7 பந்துகள், அதில் 4 சிவப்பு. 35-இல் 4/7 பங்கு 20. ஆக விடை 20/56, அதாவது 5/14. பங்கிலிருந்து ஒரு பங்கை எடுக்கிறோம், அதனால்தான் பெருக்கல். கிளை வழியே போகப் போக எண் சிறுத்துக்கொண்டே வரும். பெருகினால் எங்கோ தப்பு.

சரி, கூட்டல் எங்கே வரும்? 'ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்' என்று கேட்டால் இரண்டு பாதைகள் உண்டு. சிவப்பு-நீலம் 5/8 × 3/7 = 15/56, நீலம்-சிவப்பு 3/8 × 5/7 = 15/56. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது, அதனால் பாதைகளின் நுனியில் கூட்டி 30/56. பலர் ஒரு பாதையை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை விடுவது இங்கேதான் (நானும் விட்டிருக்கிறேன்).

நீலம்-நீலம் 3/8 × 2/7 = 6/56. அப்புறம் நுனிகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள்: 20/56 + 15/56 + 15/56 + 6/56 = 56/56, அதாவது 1. கூட்டுத்தொகை 1 வரவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டாம் கிளையில் 7-க்குப் பதில் 8 போட்டிருப்பீர்கள்.