ஸ்டாப்லாஸை சார்ட் சொல்லட்டும், அளவை ஸ்டாப்லாஸ் சொல்லட்டும்

"அண்ணே, மார்த்தாண்டத்துல செல்போன் கடை வச்சிருக்கேன். எந்த ஷேர் வாங்கினாலும் நூறு ஷேர், 2% கீழ ஸ்டாப்லாஸ், அதுக்கு டபுளா டார்கெட், இதுதான் என் கணக்கு. ஆனா 412-க்கு வாங்கினா 404-ல ஸ்டாப்லாஸ் அடிச்சுட்டு அப்புறம் ஏறிடுது. எங்க தப்பு?"

தம்பி, தப்பு அந்த 2%-இல்தான். அந்த ஷேர் தினமும் எட்டு ஒன்பது ரூபாய் மேலும் கீழும் ஆடுகிறது என்றால், 404 அதன் சாதாரண ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது, நீங்கள் வாங்கிய காரணம் பொய்யாகவே இல்லை, ஆனாலும் வெளியே தள்ளப்படுகிறீர்கள்.

முதலில் சார்ட்டைப் பாருங்கள். கடந்த சில வாரங்களில் விலை 400 பக்கம் வந்து இரண்டு முறை திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதுதான் சப்போர்ட். அதை உடைத்தால்தான் உங்கள் கணிப்பு தவறு. ஆனால் சரியாக 400-இல் வைக்காதீர்கள், லேசாக உரசிவிட்டுத் திரும்புவது வழக்கம், அதனால் 396. அதேபோல மேலே 448-இல் விலை முட்டித் திரும்பியிருந்தால், டார்கெட் அதற்குச் சற்று முன்னால், 446.

இப்போது ரிஸ்க் ஒரு ஷேருக்கு 16 ரூபாய், ரிவார்டு 34 ரூபாய். ஒன்றுக்கு இரண்டுக்கு மேல் வருகிறது, சரி. நீங்கள் செய்தது இதற்கு நேர்மாறு: எட்டு ரூபாய் நஷ்டம், அதன் இரண்டு மடங்கு பதினாறு, ஆக 428 என்று டார்கெட்டைக் காகிதத்தில் பெருக்கி எடுத்தது. 428 என்ற விலைக்கு சார்ட்டில் ஒரு காரணமும் இல்லை.

நூறு ஷேர் என்பதையும் விடுங்கள். உங்கள் முதலீடு ஒரு லட்சம் ரூபாய் என்றால் ஒரு டிரேடில் இழக்கத் தயாரான தொகை 1% என்று வையுங்கள், 1,000 ரூபாய். அதை 16-ஆல் வகுத்தால் 62 ஷேர். ஸ்டாப்லாஸ் தூரமாகப் போனால் அளவு குறையும், நஷ்டம் அதேதான்.

இன்னொன்று, பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். காலையில் கடை திறந்து, கஸ்டமரை அனுப்பிவிட்டுப் போனை எடுக்கும்போது விலை 420 ஆகியிருக்கும், "விட்டுப்போயிடும்" என்று வாங்கிவிடுவார்கள். 420-இல் ரிஸ்க் 24, ரிவார்டு 26. அதே ஷேர், அதே சார்ட், ஆனால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, புரோக்கரேஜும் வரியும் போனால் அதுவும் இல்லை. எவ்வளவு வரை வாங்கலாம் என்பதை முந்தின நாள் இரவே கணக்குப் போடலாம்: 396-க்கும் 446-க்கும் இடையே 50 ரூபாய், அதில் மூன்றில் ஒரு பங்கு 16.66, ஆக 412.66-க்கு மேல் போனால் ஒன்றுக்கு இரண்டு கிடையாது. 412-இல் லிமிட் ஆர்டர் போடுங்கள், கிடைக்காவிட்டால் அந்த டிரேடை விட்டுவிடுங்கள்.

ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றைய மார்க்கெட் முடிந்ததும் ரத்தாகிவிடும், சில நாள் வைத்திருப்பதென்றால், அந்த விலை வரும்வரை நாள் கணக்கில் காத்திருக்கும் GTT ஆர்டர் போட வேண்டும். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. மறுநாள் விலை நேராக 388-இல் திறந்தால் 396-இல் யாரும் வாங்க இருக்க மாட்டார்கள், 992 ரூபாய் என்று நினைத்த நஷ்டம் 1,488 ஆகும். கம்பெனி ரிசல்ட் வரும் இரவுகளில் நான் பாதி அளவுதான் வைத்திருப்பேன், பெரும்பாலும் அதையும் விற்றுவிடுவேன்.