டீ காசுக் கணக்கு எப்போது நியாயம், எப்போது இல்லை

கேள்வி: மார்த்தாண்டத்தில் வாட்டர் பியூரிஃபையர் விற்கிறேன். "ஒரு நாளைக்கு ஒரு டீ காசுகூட ஆகாது" என்று சொன்னால் சிலர் உடனே சம்மதிக்கிறார்கள், சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. இப்படி விலை சொல்வது ஏமாற்று வேலையா?

பதில்:

தக்கலைப் பக்கம் வீட்டு உபயோகப் பொருள் கடையில் பல வருடம் விற்பனையில் இருந்தவன் நான். இதை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். நாள் கணக்கில் விலை சொல்வதே தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கணக்கில் எதை எதால் வகுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முகம் மாறியவர்கள் ஏன் மாறினார்கள் என்று யோசியுங்கள். ஒரு முறை நான் கடையில் நின்றபோது ஒரு வயதான அம்மா, பேசிக்கொண்டிருந்த பையனிடம் இப்படிக் கேட்டார்: "மக்கா, சாயாக்கு நான் அன்னன்னைக்குக் காசு குடுக்கேன். ஒங்களுக்கு எப்பம் குடுக்கணும்?" பையனிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவன் சொன்ன தொகை யாரும் எந்த நாளும் கொடுக்கப் போகாத தொகை.

உங்கள் பொருளையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை, உங்கள் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் விலை 18,250 ரூபாய். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் 1,825 நாள். வகுத்தால் நாளுக்குச் சரியாக 10 ரூபாய். நம் ஊர்க் கடைகளில் டீ 12, 15 என்று ஆகிவிட்டதால், "டீ காசுகூட இல்லை" என்பது எண்ணளவில் பொய் இல்லை.

ஆனால் அந்த வீடு அதைப் பத்து மாதத் தவணையில் எடுக்கிறது என்று வையுங்கள். மாதம் 1,825 ரூபாய். அதாவது அந்தப் பத்து மாதமும் நாளுக்குச் சுமார் 61 ரூபாய் அந்த வீட்டை விட்டுப் போகிறது. நீங்கள் வகுத்தது பொருளின் ஆயுளால், அவர்கள் கட்டுவது தவணைக் காலத்தில். இந்த இரண்டு காலமும் ஒன்றாக இல்லாதபோது 10 ரூபாய் என்பது அவர்கள் கையில் எங்கேயும் தட்டுப்படாத எண்ணாகிவிடுகிறது. தவணைக்கு வட்டியோ கட்டணமோ உண்டென்றால் அதற்கு மேல் அதுவும் சேரும்.

அப்புறம் பராமரிப்பு. ஆர்.ஓ. இயந்திரத்தில் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மெம்பிரேன் எல்லாம் தேய்பவை, குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். முதல் வருடம் வாரண்டியில் போகிறது, இரண்டாம் வருடத்திலிருந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் 4,000 ரூபாய் என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 16,000. மொத்தம் 34,250. இப்போது நாளுக்கு 19 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, டீ காசைத் தாண்டிவிட்டது. ஐந்து வருட ஆயுளைச் சொல்லி விலையை வகுப்பவர், அந்த ஐந்து வருடம் இயந்திரத்தை ஓட வைக்கும் செலவை மட்டும் விட்டுவிடுவதுதான் எனக்கு ஒப்பாத இடம். ஆயுளை எடுத்தால் செலவையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. நாள் கணக்கு, தினமும் வரவு உள்ளவருக்குத்தான் பொருந்தும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு மழை பெய்தால் பல நாள் வெட்டு இல்லை. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு என்பதை நீங்களே அறிவீர்கள். கொளச்சல் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அந்த நாட்களில் டீயைக் குறைத்துக்கொள்ளலாம், வீட்டிலேயே போட்டுக் குடிக்கலாம். தவணையை அப்படிக் குறைக்க முடியாது. இந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்குத்தான் முகம் மாறுகிறது. அவர்களை உங்களை நம்பாதவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்.

சம்மதித்தவர்கள் ஏன் சம்மதித்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. ஜான் கோர்வில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1998இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு தொகையை நாள் கணக்கில் சொன்னால், கேட்பவர் மனம் டீ, பேப்பர் போன்ற சில்லறைச் செலவுகளைத் தேடிப் போய் அதோடு ஒப்பிடுகிறது. அதே தொகையை மொத்தமாகச் சொன்னால் பெரிய செலவுகளோடு ஒப்பிடுகிறது. நாள் தொகை சில்லறை அளவைத் தாண்டிவிட்டால் இந்த உத்தி வேலை செய்யாது, திருப்பியே அடிக்கும் என்றும் அவர் காட்டினார். ஆக, டீயைச் சொல்லும்போது எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை வாங்குபவருக்குப் பதிலாக நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

தண்ணீர் இயந்திரத்தை டீயோடு ஒப்பிடுவதில் என்ன பொருத்தம் இருக்கிறது? அதை வாங்கியதால் யாரும் டீயை நிறுத்தப் போவதில்லை. ஒப்பிட வேண்டியது 20 லிட்டர் கேனோடு. கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாகிப்போன ஒரு வீடு தினமும் 35 ரூபாய்க்கு ஒரு கேன் வாங்குகிறது என்றால், "கேனுக்கு நாளுக்கு 35 ஆகிறது, இதற்குப் பராமரிப்போடு 19 ஆகும்" என்று சொல்லுங்கள். இங்கே நாள் கணக்கு முழு நியாயம், அவர்கள் ஏற்கெனவே அந்த அளவில்தான் செலவு செய்கிறார்கள். இரண்டு நாளுக்கு ஒரு கேன் போதும் என்கிற சின்னக் குடும்பத்துக்கு அது 17.50தான். அவர்களுக்கு உங்கள் இயந்திரம் லாபம் இல்லை. அதையும் சொல்லிவிடுங்கள்.

மலையோரத்து வீடு என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முதலில் தண்ணீரில் வைத்துக் காட்டுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கிணற்று நீர் அதற்கு மிகக் கீழே இருந்தால் உப்பு நீக்கும் ஆர்.ஓ.வே தேவையில்லை. கிருமிதான் கவலை என்றால் யு.வி. இயந்திரமோ கொதிக்க வைப்பதோ போதும். டீ காசுப் பேச்சு இந்தக் கேள்வியை எழவே விடுவதில்லை.

சட்டப்படி பார்த்தால், இணைய விற்பனையில் வாடிக்கையாளரைத் தடம் மாற்றும் 13 வகை உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பட்டியலிட்டது. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்து, பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது அதில் உண்டு. நாள் விலை சொல்வது அதில் தனியாக இல்லை. பராமரிப்பை மறைத்து நாள் விலை சொல்வது அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அட்டையில் இப்படி எழுதுவேன்: "விலை ரூ.18,250. தவணை மாதம் ரூ.1,825, பத்து மாதம். இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு வருடம் ரூ.4,000. ஐந்து வருடத்தில் எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் ரூ.19." எல்லாம் ஒரே அளவு எழுத்தில். வாடகைக்குக் கொடுத்து, வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளும் முறை உங்களிடம் இருந்தால் அங்கே நாள் விலையை முதல் வரியிலேயே போடலாம். முன்பணம் உண்டா, எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பதை அடுத்த வரியில் எழுதிவிடுங்கள்.