முடி நட்ட பிறகு: மாதக்கணக்கும் பணக்கணக்கும்

முடி நட்டு ஐந்து வாரம் ஆகிறது. நட்டதில் பெரும்பகுதி தலையணையில் கிடக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம் வரை இப்படித்தான் உதிரும். இடம் மாற்றிய அதிர்ச்சியில் வேர்ப்பை முடியை உதறிவிட்டு ஓய்வுக்குப் போகிறது. கொட்டியது முடி மட்டும்தான், வேர்ப்பை தோலுக்குள் இருக்கிறது. முதல் சில நாட்களில் சொறிந்தோ இடித்தோ, ரத்தத்தோடு சதைத்துணுக்காக வந்திருந்தால்தான் அந்த கிராஃப்ட், அதாவது வேர்ப்பையோடு எடுத்து நட்ட முடிக்கொத்து, போனதாகப் பொருள். பத்து நாளைத் தாண்டி, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு தனி முடியாக விழுவதற்கு அழ வேண்டாம்.

மூன்று மாதம் முடியப்போகிறது, தலை நடுவதற்கு முன்பிருந்ததைவிட மோசம். ஊசித் தொடர் போட்டால் உடனே முளைக்கும், இந்த வாரம் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். இந்த விற்பனையைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு, கொஞ்சம் பேச விடுங்கள்.

உதறிய வேர்ப்பை ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வில் இருக்கும். மூன்றாம் மாதக் கடைசியிலோ நான்காம் மாதத்திலோ தானாகவே விழித்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் சேர்ந்து கொட்டியிருக்கலாம். அதனால்தான் இப்போது கண்ணாடியில் நிலைமை படுமோசமாகத் தெரிகிறது. ஆளின் நம்பிக்கை தரைதட்டும் நேரமும், முளைப்பு தொடங்கும் நேரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. அந்த இடுக்கில் ஊசியை விற்றுவிட்டால், ஐந்தாம் மாதம் எட்டிப்பார்க்கும் முடிக்கெல்லாம் ஊசியே காரணம் என்று ஆகிவிடும்.

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு கடுங்காய்ச்சல் வந்து போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டியது. ஒரு மூலிகை எண்ணெய், ஆறு புட்டி வாங்கினேன். நான்காவது புட்டியில் முடி திரும்பியது. பார்த்தவரிடமெல்லாம் அந்த எண்ணெயைப் புகழ்ந்து திரிந்தேன். காய்ச்சல் அதிர்ச்சியில் ஓய்வுக்குப் போன வேர்கள் தாமாகத் திரும்பியிருந்தன என்பது பிறகுதான் உறைத்தது. எண்ணெய் பிசுக்கை மட்டுமே தந்தது.

நான்காம் மாதத்தில் சிறு பருக்கள் கிளம்பினால், முடி தோலை முட்டி வெளியேறும் அறிகுறியாக இருக்கலாம். கிள்ளாதீர்கள். சீழும் வலியும் பரவினால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

ஆறு மாதமாகியும் பாதி அடர்த்திதான். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? ரசீது எங்கேயோ போய்விட்டது. எத்தனை கிராஃப்ட் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பழைய படமும் எடுக்கவில்லை.

ஒரு செருப்பு வாங்கினால்கூட அளவு கேட்போமே ஐயா! ஆறாம் மாதத்தில் பாதி என்பது சரியான கணக்குதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் நீளும். நான்காம் மாதம் முளைத்தது இப்போது இரண்டு விரற்கடைகூட வந்திருக்காது, மெல்லியதாகவும் சுருண்டும் இருக்கும். ஒன்பதாம் மாதத்துக்கு மேல்தான் தடிக்கும். இன்றிலிருந்தாவது மாதம் ஒருமுறை அதே விளக்கடியில், உலர்ந்த தலையை, அதே கோணத்தில் படமெடுத்து வையுங்கள். ஈரத்தலைக்கும் உலர்ந்த தலைக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே விளம்பரப் படங்கள் பிழைக்கின்றன.

பத்து மாதம். முன்நெற்றி நன்றாக இருக்கிறது, உச்சி மட்டும் தெரிகிறது.

உச்சி மெதுவாகத்தான் வரும், பதினைந்து பதினெட்டு மாதம் வரைகூட ஆகலாம்.

ஒரு வருடம் முடிந்துவிட்டது. முன்பக்கமே திட்டுத்திட்டாக இருக்கிறது. 2,400 என்று பேசித்தான் பணம் வாங்கினார்கள். போய்க் கேட்டால், குறைகளை ஆறு மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்று நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டுகிறார்கள்.

உங்கள் மேல் தவறில்லை. முன்பக்கம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய முழுமை பெற்றுவிடும், ஆகவே உங்கள் கவலை நியாயமானது. விளைச்சலே தெரியாத ஆறாம் மாதத்தில் குறை சொல் என்று தாள் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் அந்த 2,400 எதைக் குறிக்கிறது என்று ரசீதில் பாருங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடிவரை இருக்கும், சராசரியாக இரண்டு என்று வையுங்கள். முடியை எண்ணி 2,400 என்றிருந்தால், உங்கள் தலையில் நட்டது 1,200 கிராஃப்ட்தான். அடுத்து அறுவைக் குறிப்பின் நகலை எழுத்தில் கேளுங்கள். ஒற்றை முடி, இரட்டை முடி கிராஃப்ட்கள் எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். பிறகு உங்களிடம் எதையும் விற்கப்போகாத வேறொரு தோல் மருத்துவரிடம், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து முளைத்த கொத்துகளை எண்ணித் தரச் சொல்லுங்கள்.

இலவசமாக மறுபடி நட்டுத் தருகிறோம் என்று அவர்கள் இறங்கி வந்தாலும் உடனே தலையைக் கொடுத்துவிடாதீர்கள். பின்மண்டையில் எடுத்த முடி அங்கே திரும்ப முளைக்காது. இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் அந்த மருத்துவரையே பார்க்கச் சொல்லுங்கள்.