வீட்டை ஒரே பிள்ளைக்கு எழுதிவைத்தால் மற்றவர்களுக்கு என்ன? பிரெஞ்சு வாரிசுச் சட்டத்தில் கணக்குப் போடும் விதம்

கேள்வி: அப்பா போன வருஷம் பாரிஸில் காலமானார். அம்மா முன்பே போய்விட்டார். நாங்கள் மூன்று பேர். வீட்டைத் தங்கைக்கு மட்டும் உயில் எழுதியிருக்கிறார். வீட்டின் மதிப்பு 3,00,000 யூரோ, வங்கியில் 60,000, கடன் 20,000. அண்ணனுக்கு 2009இல் ஒரு மனையைத் தானமாகக் கொடுத்தார். அன்றைக்கு 40,000, இன்றைக்கு 80,000 போகும். நடுப்பிள்ளையான எனக்கு எவ்வளவு வரும்?

பதில்: 1,05,000 யூரோ. வீடு தங்கைக்குப் போய்விட்டதால் வங்கியில் மிஞ்சியதை மட்டும் பங்கு போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் ஒரு கற்பனை மொத்தத்தைக் கட்ட வேண்டும். வீடும் வங்கிப் பணமும் சேர்ந்து 3,60,000. கடனைக் கழித்தால் 3,40,000. அதோடு அண்ணனுக்குக் கொடுத்த மனையையும் காகிதத்தில் திரும்பச் சேர்க்கிறோம். 2009 விலைக்கு அல்ல, அப்பா இறந்த அன்றைய விலைக்கு. ஆக 4,20,000. (மனையில் அண்ணன் வீடு கட்டியிருந்தால் அந்தக் கட்டடம் கணக்கில் வராது. கொடுத்தபோது வெறும் மனையாக இருந்தது, அதனால் வெறும் மனைக்கு இன்று என்ன விலையோ அதுதான்.)

மூன்று பிள்ளைகள் இருந்தால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென்றே சட்டம் ஒதுக்கிய காப்புப் பங்கு, கால் பங்குதான் அப்பா தன் விருப்பப்படி கொடுக்கக்கூடியது. 3,15,000க்கு மூன்று பேரும் உரியவர்கள், தலைக்கு 1,05,000. விருப்பப் பங்கும் தற்செயலாக அதே 1,05,000.

அடுத்து எது எந்தப் பையிலிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். தானப் பத்திரத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால் மனை, அண்ணனுடைய காப்புப் பங்குக்கு முன்பணம். அவருடைய 1,05,000க்குள் 80,000 அடங்கிவிடுகிறது. உயில் நேர்மாறு. அதில் கொடுத்தது பங்குக்கு மேலே கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் வீடு விருப்பப் பங்கிலிருந்துதான் போக வேண்டும். அங்கே இருப்பது 1,05,000, வீடு 3,00,000. மீறியது 1,95,000.

பங்கு பிரிக்கும்போது வங்கியில் கடன் போக மிச்சம் 40,000, அண்ணனின் மனை 80,000, தங்கை மீறிப் பெற்ற 1,95,000 மூன்றையும் சேருங்கள். 3,15,000 வரும். ஆளுக்கு 1,05,000. தங்கை தன் 1,05,000ஐ அந்த 1,95,000த்தில் கழித்துக்கொண்டு மிச்சம் 90,000த்தைப் பணமாகக் கட்ட வேண்டும். அதோடு வங்கியின் 40,000 சேர்ந்தால் 1,30,000. அண்ணனுக்கு 25,000, உங்களுக்கு 1,05,000. தங்கை கையில் நிகரமாக நிற்பது 2,10,000.

கேள்வி: மூணு பிள்ளைன்னா கால் பங்குங்கிறது சரி. ஆனா அண்ணனுக்குக் கொடுத்து 15 வருஷம் தாண்டிடுச்சே, அது கணக்கிலேயே வராது. 3,40,000இல் கால், அதாவது 85,000தான் விருப்பப் பங்கு.

பதில்: நீங்கள் சொல்லும் 15 வருஷம் வரித்துறையின் கணக்கு. வரிச்சலுகை புதுப்பிக்கப்படுவதற்கு அந்தக் காலம். பங்குக் கணக்கில் பழைய தானத்துக்குக் காலாவதி கிடையாது; முப்பது வருஷத்துக்கு முந்தையதும் திரும்பி வரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மனையைச் சேர்ப்பதால் விருப்பப் பங்கு 85,000இலிருந்து 1,05,000 ஆகிறது. அதாவது அண்ணனுடைய தானத்தை மறைத்தால் தங்கைக்கும் நஷ்டம். பிறந்தநாள், கல்யாணம் போன்றவற்றுக்கு வசதிக்கேற்ப வழக்கமாகக் கொடுக்கும் பரிசுகள் மட்டும் சேராது.

கேள்வி: அப்போ தங்கை வீட்டை வித்துத்தான் ஆகணுமா? அவ அங்கேதான் குடியிருக்கா.

பதில்: வேண்டாம். 2007 ஜனவரி 1 முதல் விதி மாறிவிட்டது. மீறிய பகுதியைப் பணமாகத்தான் கேட்க முடியும், வீட்டில் ஒரு பகுதியைக் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பணத்துக்கு வீட்டின் எந்த விலை என்பதில்தான் குடும்பங்கள் இடறுகின்றன. எவ்வளவு மீறியது என்பதை இறந்த நாள் விலையில் பார்க்கிறோம்: 3,00,000இல் 1,95,000, அதாவது 65 சதவீதம். கட்ட வேண்டிய தொகைக்கோ பங்கு பிரிக்கும் நாளின் விலை. பிரிக்க மூன்று வருஷம் இழுத்து வீடு 3,30,000 ஆகிவிட்டால், 65 சதவீதம் 2,14,500. தள்ளிப்போடுவது தங்கைக்கு லாபம் என்று நினைத்தால் ஏறும் சந்தையில் அது நடக்காது. பணம் பங்கு பிரிக்கும்போதே தர வேண்டியது. எல்லாரும் ஒத்துக்கொண்டால் தவணை போட்டுக்கொள்ளலாம். அவர் குடியிருக்கும் வீடு என்பதால், ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: அண்ணனுக்கு எழுதின பத்திரத்துல "பங்குக்கு மேலே" என்று ஒரு வரி இருக்காம். அதனால என்ன பெரிய மாற்றம்?

பதில்: பெரிய மாற்றம்தான். அப்போது மனையும் விருப்பப் பங்கிலிருந்து போகும். தானம் உயிலுக்கு முந்தியது, அதனால் அதுவே முதலில் எடுத்துக்கொள்ளும். 1,05,000இல் 80,000 போனால் தங்கைக்கு மிஞ்சுவது 25,000. வீட்டில் 2,75,000 மீறியதாகும், அவர் கட்ட வேண்டியது 90,000 அல்ல, 1,70,000. உங்கள் 1,05,000 மாறாது. இழப்பு முழுக்கத் தங்கைக்கு, ஆதாயம் முழுக்க அண்ணனுக்கு. அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்காமல் யாரும் கணக்கைத் தொடங்கக் கூடாது.

கேள்வி: எங்க மாமா தன் பணத்தையெல்லாம் ஆயுள் காப்பீட்டில் போட்டு ஒரே மகன் பேருக்கு எழுதிட்டார். அப்போ மத்தவங்களுக்குக் காப்புப் பங்கே இல்லையா?

பதில்: காப்பீட்டுத் தொகை சொத்துக் கணக்குக்கு வெளியே நிற்கும், அது உண்மை. ஆனால் கட்டிய பிரீமியம் அவருடைய வசதிக்குத் தெளிவாக மிஞ்சியதாக இருந்தால் அதை உள்ளே கொண்டுவரக் கேட்கலாம். எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று சட்டத்தில் கோடு இல்லை. கட்டியபோது அவருக்கு என்ன வயது, என்ன வருமானம், அந்தக் காப்பீடு அவருக்கு எதற்குப் பயன்பட்டது என்று நீதிபதி பார்ப்பார். முன்கூட்டியே இப்படித்தான் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: நாங்க மதுரை. அப்பா சுயமா சம்பாதிச்ச வீட்டை அக்காவுக்கு மட்டும் எழுதிட்டார். எனக்கு எத்தனை சதவீதம் காப்புப் பங்கு?

பதில்: இந்துக்களுக்கான இந்தியச் சட்டத்தில் காப்புப் பங்கு என்று ஒன்று கிடையாது. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் உண்மையானதா, சட்டப்படி செல்லுமா என்பதை மட்டுமே நீங்கள் எதிர்க்க முடியும். பூர்வீகச் சொத்து என்றால் கதை வேறு.

கேள்வி: அப்பா பிரான்சிலேயே வாழ்ந்து போனவர், ஆனா புதுச்சேரியிலும் ஒரு வீடு இருக்கு. அதையும் கூட்டணுமா?

பதில்: 2015 ஆகஸ்ட் 17 அன்றோ அதற்குப் பிறகோ இறந்தவருக்கு, அவர் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே எல்லாச் சொத்துக்கும் என்பது ஐரோப்பிய விதி. அதனால் பிரான்சில் வாரிசுக் கணக்கை முடித்துத் தரும் சட்ட அலுவலரான நோத்தேர் புதுச்சேரி வீட்டையும் மொத்தத்தில் சேர்ப்பார். இந்தியாவிலோ நிலம் எங்கே இருக்கிறதோ அங்கத்திய சட்டம்தான். இரண்டு கணக்கும் முரண்பட்டால், பிரான்சில் உள்ள பணத்தில் ஈடுகட்டிக்கொள்வது ஒரு வழி. அங்கே பணம் இல்லாவிட்டால் வழக்கறிஞர்களே இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

கேள்வி: நோத்தேர் தானாகவே பார்த்துக் குறைச்சிடுவார் இல்லையா? நாங்க கேட்கணுமா?

பதில்: நீங்கள்தான் கேட்க வேண்டும். காப்புப் பங்கு மீறப்பட்டிருப்பதாகத் தெரிந்தால் நோத்தேர் ஒவ்வொரு வாரிசுக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவர் வேலை அதோடு முடிந்தது. இறந்த நாளிலிருந்து 5 வருஷம் கெடு. மீறல் தாமதமாகத் தெரியவந்தது என்றால் தெரிந்த நாளிலிருந்து 2 வருஷம், ஆனால் எப்படியும் இறந்து 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் கேட்டால் உங்கள் பங்கு மட்டும்தான் திரும்பும். அண்ணன் தனக்கு வர வேண்டிய 25,000த்தைத் தானே கேட்டாக வேண்டும்.