விஎஃப்டி – பிஎல்சி: பூஜ்ய வேகத்தில் ஓடும் விசிறியும் தெரியாமல் போகும் பழுதும்

கேள்வி: துவாஸில் ஒரு தொழிற்சாலையின் கூலிங் டவர் விசிறிக்கு, மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவ் பொருத்தி, எஸ்7-1200 பிஎல்சியிலிருந்து 4–20 மில்லி ஆம்பியரில் வேகம் கொடுக்கிறோம். வேகத்தைப் பூஜ்யமாக்கினாலும் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. டிரைவ் டிரிப் ஆனால் பிஎல்சியில் ஃபால்ட் வருகிறது. ஆனால் டிரைவின் பிரேக்கரை இறக்கினால் எதுவும் வருவதில்லை. ஏன்?

பதில்:

முதல் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம், டிரைவின் அனலாக் உள்ளீடு வோல்ட்டேஜ் நிலையிலேயே இருப்பதுதான். மின்னோட்ட வெளியீடு எப்படியாவது 4 மில்லி ஆம்பியரைச் செலுத்தவே முயலும். எதிரே இருக்கும் உள்ளீட்டின் மின்தடை மிக அதிகமாக இருந்தால் அந்த மின்னோட்டம் பாய வழியில்லாமல், வெளியீடு தன்னால் இயன்ற உச்ச வோல்ட்டேஜ் வரை ஏறிவிடும். அது 10 வோல்ட்டைத் தாண்டுவதால், 0–10 வோல்ட் பார்த்துக்கொண்டிருக்கும் டிரைவ் அதை முழு வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. பிஎல்சி நிரலை எவ்வளவு திருத்தினாலும் இது சரியாகாது.

இதை மல்ட்டிமீட்டரால் உறுதி செய்யலாம். பூஜ்ய வேகம் கொடுத்த நிலையில் டிரைவின் அனலாக் உள்ளீட்டு முனைகளுக்கு இடையே டிசி வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். மின்னோட்ட நிலையில் உள்ளீட்டு மின்தடை பொதுவாகச் சில நூறு ஓம்களுக்குள் இருப்பதால், 4 மில்லி ஆம்பியருக்கு ஒரு வோல்ட் அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் காட்டும். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் இதுவே. திருத்துவதற்கு முன் டிரைவின் மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து, கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருங்கள்; உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பிறகு உள்ளீட்டுக்கு அருகிலுள்ள டிப் சுவிட்சை மின்னோட்டப் பக்கம் மாற்றி, பாராமீட்டரிலும் அதே நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தப் பாராமீட்டரில் குறைந்தபட்ச அளவு 4 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 0–20 என்று விட்டுவிட்டால் டிரைவ் 4 மில்லி ஆம்பியரை 20 விழுக்காடாகப் படித்து, பூஜ்யத்திலும் 10 ஹெர்ட்ஸில் ஓடும். பிஎல்சி பக்கம் மாட்யூலை 4–20 என்று அமைத்தால் 0 என்பது 4 மில்லி ஆம்பியராகவும் 27648 என்பது 20 மில்லி ஆம்பியராகவும் வெளியேறும். 50 ஹெர்ட்ஸ் உச்சத்துக்கு இந்த ஒரு வரி போதும்:

```
"AQ_Speed" := REAL_TO_INT("SpeedHz" / 50.0 * 27648.0);
```

30 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மதிப்பு 16589 ஆகும். கம்பியில் தொடராக மீட்டரை வைத்தால் 13.6 மில்லி ஆம்பியர் காட்ட வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டியும் டிரைவின் திரையில் வேறு அளவு வந்தால், பிழை டிரைவின் அமைப்பில் இருக்கிறது என்று தயங்காமல் முடிவுசெய்யலாம். கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4-க்குக் கீழே விழும் என்பதே இந்த முறையின் பெரும் பலம்; அப்போது டிரிப் ஆவதா, கடைசி வேகத்தில் தொடர்வதா என்பதை டிரைவில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ரிலே சார்ந்தது. உங்கள் டிரைவின் ரிலே பழுது வரும்போது மட்டும் இயங்கும்படி அமைந்திருக்கிறது என்று தெரிகிறது. அப்படியிருக்க, மின்சாரமே இல்லாத டிரைவால் ரிலேயை இயக்க முடியாது. பிஎல்சிக்கு எல்லாம் நலம் என்றே தோன்றும். என்சி தொடர்பைப் பயன்படுத்தினால் கம்பி அறுவது தெரியுமே தவிர, டிரைவ் மின்சாரம் இழப்பது அப்போதும் தெரியாது. பலர் தவறவிடும் இடம் இதுதான். ஆகவே பாராமீட்டரில் ரிலேயின் செயலைத் தலைகீழாக்கி, டிரைவ் நலமாக இருக்கும்வரை ரிலே இழுத்த நிலையில் இருக்கும்படி செய்யுங்கள். பிஎல்சியின் 24 வோல்ட்டை ரிலேயின் காம் முனைக்குக் கொடுத்து, என்ஓ முனையிலிருந்து டிஜிட்டல் உள்ளீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இனி டிரிப் ஆனாலும், பிரேக்கர் இறங்கினாலும், கம்பி அறுந்தாலும் உள்ளீடு 0 ஆகிவிடும்.

இந்த மாற்றத்துக்குப் பின், மின்சாரம் வந்ததும் டிரைவ் விழித்தெழும் சில நொடிகளுக்குப் பழுது என்று காட்டும். நிரலில் ஒரு டைமர் வைத்து அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழுது உறுதியானதும் வேகத்தைப் பூஜ்யமாக்குவதோடு நிற்காமல் ரன் கட்டளையையும் விலக்கி, ஆபரேட்டர் மீண்டும் ஸ்டார்ட் அழுத்தும்வரை அதைத் திரும்பக் கொடுக்காதீர்கள். ரன் கட்டளை நீடித்திருக்கும்போது ரீசெட் அழுத்தினால், சில டிரைவ்களில் விசிறி அந்தக் கணமே சுழலத் தொடங்கும்.