வாழைப்பூ, வாழைத்தண்டு கறுக்காமல் ஆய்வது எப்படி?

"மோரில் போட்டாலும் பூ கறுத்துவிடுகிறது. தண்டிலோ வாயெல்லாம் நார். எங்கே தப்பு?"

மோர் புளித்திருக்க வேண்டும். நறுக்கியது முழுக்க மூழ்கவும் வேண்டும். காற்றுப் பட்டால் கறுக்கும், புளிப்பு அதைத் தடுக்கும். நறுக்கிக் குவித்துவிட்டு மோர் கரைக்கப் போனால் அதற்குள் கறுத்துவிடும். மோர்ச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரியுங்கள்.

கையில் நல்லெண்ணெய் தடவி, ஒவ்வொரு பூவிலும் தலை தடித்த விறைப்பான நரம்பையும் அடியில் கண்ணாடிபோல் இருக்கும் செதிலையும் கிள்ளிவிடுங்கள். இரண்டும் எவ்வளவு கொதித்தாலும் வேகாது. உள்ளே வெளிறிய குருத்துப் பூவை அப்படியே அரியலாம்.

தண்டை வில்லையாக வெட்டும்போதே நாரை விரலில் சுற்றி இழுங்கள். பொடியாக நறுக்கி மோரில் போட்டு ஈர்க்குச்சியால் கிளறினால் மிச்சமும் சுற்றிக்கொண்டு வரும். கீழக்கரையில் என் மாமி தண்டோடு இறால் போடும் நாளில்கூட இப்படி நார் எடுப்பதை விடமாட்டார்.